கோல் வித்தியாசமா, கோல் விகிதமா: அட்டவணை இடத்தை எதை வைத்துக் கணிப்பது?

திருகோணமலையில் எங்கள் கூட்டாளிகளுக்குள் ஒரு கணிப்புப் போட்டி நடக்கும். மெக்கெய்சர் அரங்குப் பக்கம் மாலையில் பந்தடிக்கிற அதே ஆட்கள்தான். ஜனவரியில் இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் 20 கழகங்களும் எந்த இடத்தில் முடிக்கும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை இடம் தள்ளிப்போகிறதோ அத்தனை புள்ளி கழியும். அதற்காக, அடித்த கோலையும் வாங்கிய கோலையும் மட்டும் வைத்துக் கணிக்கும் வழிகளைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தேன். கோல் வித்தியாசத்தின் மேல் போடும் சாதாரண நேர்கோடுதான் அது.

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அடித்ததில் இருந்து வாங்கியதைக் கழித்து, அதற்கும் புள்ளிக்கும் ஒரு நேர்கோடு போடுவது. இரண்டாவது, பேஸ்போலுக்காக பில் ஜேம்ஸ் உருவாக்கிய பைதகரஸ் சூத்திரம். இது இரண்டு எண்களின் விகிதத்தைப் பார்க்கிறது. மூன்றாவது, ஒரு போட்டியில் ஒவ்வொரு அணியும் எத்தனை கோல் அடிக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கும் பொய்சோன் மாதிரி. 1982இல் மாஹர் எழுதிய கட்டுரையும், 1997இல் டிக்சன், கோல்ஸ் என்ற இருவர் அதில் செய்த திருத்தமும்தான் இன்றும் இதற்கு அடிப்படை.

பொய்சோனை முதலில் சொல்லி முடிக்கிறேன். ஒவ்வொரு கழகத்துக்கும் தாக்குதலுக்கு ஒரு எண், தடுப்புக்கு ஒரு எண், எல்லோருக்கும் பொதுவாகச் சொந்த மைதான அனுகூலத்துக்கு ஒன்று என்று நாற்பதுக்கு மேற்பட்ட எண்களைக் கணிக்க வேண்டும். மொத்தக் கோல்கள் போதாது, ஒவ்வொரு போட்டியின் முடிவும் வேண்டும். யார் பலமான அணிகளோடு ஏற்கெனவே ஆடி முடித்தார்கள் என்பதை இது கணக்கில் எடுக்கும். மற்ற இரண்டாலும் அது முடியாது. ஆனால் ஒவ்வொரு வாரமும் முடிவுகளைச் சேர்த்துத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். நான் இதை நீண்ட காலம் ஓட்டிப் பார்த்தவன் இல்லை, ஆகவே தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

மீதி இரண்டையும் 2023-24 சீசனில் பொருத்திப் பார்ப்போம். அந்த சீசனில் எவர்ட்டனுக்கு 8 புள்ளியும் நொட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு 4 புள்ளியும் நிதி விதிமீறலுக்காக வெட்டப்பட்டன. அது மைதானத்தில் நடந்ததல்ல. எனவே அவற்றைத் திரும்பக் கூட்டிவிட்டுத்தான் கோடு போட வேண்டும். கோல் வித்தியாசத்தை ஒரு நிரலிலும் புள்ளியை அடுத்ததிலும் எழுதி, எக்செலில் `SLOPE`, `INTERCEPT` இரண்டையும் கொடுத்தால் வருவது இது:

```
புள்ளி = 52.9 + 0.615 × கோல் வித்தியாசம்
```

மான்செஸ்டர் சிட்டி 96 அடித்து 34 வாங்கியது, வித்தியாசம் 62. கோடு சொல்வது 91, எடுத்ததும் 91. லிவர்பூலுக்கு 81 என்கிறது, எடுத்தது 82. கடைசி மூன்று இடங்களில் லூட்டன், பர்ன்லி, ஷெஃபீல்ட் யுனைட்டட் என்று வரிசையையும் சரியாகச் சொல்லிவிடுகிறது.

பைதகரஸில் அடித்த கோலையும் வாங்கிய கோலையும் ஒரே அடுக்குக்கு உயர்த்தி, அடித்ததற்கு வருவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். பேஸ்போலில் அடுக்கு 2. உதைபந்தாட்டத்தில் சமநிலைகள் இருப்பதால் குறைய வேண்டும், இந்த சீசனுக்கு 1.5 நன்றாகப் பொருந்துகிறது. வரும் பங்கை 105.8ஆல் பெருக்க வேண்டும். ஒரு போட்டியில் இரு அணிக்குமாகச் சராசரியாகப் போகும் 2.78 புள்ளியை 38ஆல் பெருக்கியது அது. நடு அட்டவணையில் இதன் விடையும் கோட்டின் விடையும் ஏறக்குறைய ஒன்றுதான்: வெஸ்ட் ஹாமுக்கு 44.6, கோட்டில் 44.3.

விலகுவது இரண்டு நுனிகளில் மட்டுமே. 35 அடித்து 104 வாங்கிய ஷெஃபீல்டுக்குக் கோடு 10.5 தான் கொடுக்கிறது, பைதகரஸ் 17. உண்மையில் எடுத்தது 16. அந்த இடத்தில் பைதகரஸ் தெளிவாக மேல். மேல் நுனியிலோ 91 அடித்து 29 வாங்கிய ஆர்சனலை அது சிட்டிக்கு முன்னால் வைக்கிறது. விகிதம் என்று வந்தால் குறைவாக வாங்குபவருக்கே சாதகம். இங்கிலாந்து லீக்கிலேயே 1976 வரை சமபுள்ளியைப் பிரிக்க விகிதத்தைத்தான் பார்த்தார்கள், அதற்குப் பிறகுதான் வித்தியாசம் வந்தது.

சரி, இரண்டும் ஒன்றுபோல என்றால் ஏன் கோடு? புள்ளியை இடமாக மாற்றும்போது பிழை எவ்வளவு என்பது கோட்டில் கையோடு தெரிகிறது. இந்த வேலையில் எல்லாம் தங்கியிருப்பது அதில்தான்.

மான்செஸ்டர் யுனைட்டட் அந்த சீசனில் 57 அடித்து 58 வாங்கியது. கிரிஸ்டல் பேலஸும் அச்சொட்டாக 57 அடித்து 58 வாங்கியது. மொத்தக் கோலை மட்டும் பார்க்கும் எந்தச் சூத்திரத்துக்கும் இரண்டும் ஒரே அணி. கோடு இரண்டுக்கும் 52.3 கொடுத்தது. யுனைட்டட் எடுத்தது 60, பேலஸ் 49. யுனைட்டட்டின் 18 வெற்றிகளில் 13 ஒரே ஒரு கோலால் வந்தவை. பேலஸ் அதே யுனைட்டட்டை 4-0 என்றும், கடைசி நாளில் அஸ்டன் வில்லாவை 5-0 என்றும் அடித்தது. நான்காவது ஐந்தாவது கோலுக்குப் புள்ளி கிடையாதே.

இப்போது இடத்தைப் பாருங்கள். யுனைட்டட்டில் கோடு 7.7 புள்ளி பிழைத்தது. வெஸ்ட் ஹாமிலும் அதே 7.7 தான், 44.3 என்று சொல்ல அவர்கள் 52 எடுத்தார்கள். யுனைட்டட்டைக் கோடு 8ஆம் இடத்தில் பேலஸோடு சமமாக வைத்தது, அவர்கள் முடித்ததும் 8ஆம் இடம். வெஸ்ட் ஹாமை 15ஆம் இடத்தில் வைத்தது, அவர்கள் முடித்தது 9இல். பிழை ஒன்று, ஆனால் ஒருவருக்கு இடமே மாறவில்லை, மற்றவருக்கு ஆறு இடம் தள்ளிப்போனது. 9ஆம் இடத்திலிருந்து 14ஆம் இடம் வரை ஆறு கழகங்கள் 52க்கும் 46க்கும் இடையில் நெருங்கி நின்றதுதான் காரணம். கோட்டின் சராசரிப் பிழை 4 புள்ளிக்குச் சற்று மேல். அதே சீசனின் எண்களால் போட்ட கோடு என்பதால், வரப்போகும் சீசனில் இன்னும் கொஞ்சம் கூடும்.

அதனால் நான் ஒவ்வொரு கணிப்புக்கும் மேலேயும் கீழேயும் 5 புள்ளி விட்டு, அந்த இடைவெளிக்குள் வேறு எத்தனை கழகங்களின் கணிப்பு விழுகிறது என்று எண்ணுகிறேன். லிவர்பூலுக்கு ஒன்றும் விழாது, 3ஆம் இடத்தைத் தயங்காமல் எழுதலாம். வெஸ்ட் ஹாமுக்கு ஃபுல்ஹாமில் இருந்து ஃபாரஸ்ட் வரை ஏழு கழகங்கள் விழும். அங்கே 15 என்று எழுதுவதை விட நடுவிலே 13 என்று எழுதினால், கழியும் புள்ளி குறையும்.

ஜனவரியில் பாவிக்கும்போது இன்னொன்றும் செய்ய வேண்டும். எடுத்த புள்ளியை அப்படியே வைத்துக்கொண்டு, மீதிப் போட்டிகளுக்கு மட்டும் கோட்டைப் பாவிக்க வேண்டும். போட்டிக்கு 1.39, அதோடு போட்டிக்கான கோல் வித்தியாசத்தின் 0.615 மடங்கு. அந்த வித்தியாசத்தையும் முழுதாக நம்பாமல், ஆடிய போட்டிகளை அதோடு 6 கூட்டிய எண்ணால் வகுத்து, வரும் பின்னத்தால் பெருக்கிக் குறைக்கிறேன். 8 போட்டியில் +8 என்றால் போட்டிக்கு 1 அல்ல, 0.57. மீதி 30 போட்டிக்கு 60 புள்ளி என்பது 52 ஆக இறங்கும். இந்த 6 என் கைக்கணக்கு. 5 போட்டாலும் 8 போட்டாலும் 20 போட்டிகளுக்குப் பிறகு பெரிய மாற்றம் தெரிவதில்லை. முதல் ஐந்தாறு வாரத்தில் மட்டும் நன்றாகவே தெரியும்.