தவறிய ஒரு தவணை: அபராதத் தள்ளுபடிக்குத் தொலைபேசியா, கடிதமா?

குடல்வால் அறுவை சிகிச்சைக்காக 2ஆம் தேதி மருத்துவமனையில் சேர்ந்தேன். 9ஆம் தேதிதான் வீடு திரும்பினேன். இடையில் 5ஆம் தேதி 8,640 ரூபாய் கடன் தவணை. சம்பளக் கணக்கிலிருந்து பணத்தை மாற்றிவைக்க ஆளில்லாததால் தானியங்கிப் பற்று திரும்பிவிட்டது. கடன் கொடுத்த வங்கி அதற்கு 500 ரூபாயும் தாமதத்துக்கு 120 ரூபாயும் போட்டது. என் சேமிப்புக் கணக்கு இருக்கும் வங்கி தனியாக 295 ரூபாய் பிடித்தது. ஒரே தவறுக்கு இரண்டு வங்கிகள் கட்டணம் வாங்கியதால், கோரிக்கையும் இரண்டு இடத்தில் வைக்க வேண்டியிருந்தது.

முதல் கேள்வி, தவணையை மட்டும் கட்டுவதா, அபராதத்தையும் சேர்த்தா என்பது. தவணை முழுதாகச் சேரும்வரை தாமத நாட்கள் எண்ணப்படும். ஆகவே தள்ளுபடிக்காகத் தவணையை நிறுத்திவைப்பது பெரிய தவறு. அபராதம் அப்படி அவசரமில்லை. ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி அதை அசலில் சேர்க்கக்கூடாது. அதற்கு மேல் வட்டியும் போடக்கூடாது. ஆனால் சில வங்கிகள் வரும் பணத்தில் கட்டணத்தை முதலில் கழித்துக்கொள்கின்றன. அப்போது தவணையில் 620 ரூபாய் குறையும், தாமதமும் தொடரும். நான் 10ஆம் தேதி தவணையை மட்டும் கட்டினேன். மறுநாள் கணக்கு அறிக்கையில் அது முழுதாக வரவாகியிருப்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. குறைந்திருந்தால் மீதியையும் அன்றே கட்டிவிட்டுத் திரும்பக் கேட்டிருப்பேன்.

வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைப்பது வேகமானது. சிறு தொகையையும் பழைய ஒழுங்கான கணக்கையும் பார்த்து அங்கேயே நீக்கிவிடுவதும் உண்டு. எனக்கு 120 ரூபாய் அப்படித்தான் போனது. 500 ரூபாய்க்கு, "கிளையில் கேளுங்கள்" என்றார்கள். மருத்துவமனை ஆவணத்தைத் தொலைபேசியில் காட்ட முடியாதே.

கிளையில் கொடுக்கும் கடிதம் மெதுவானது, ஆனாலும் என் தேர்வு அதுதான். கடன் எண், தவறிய தேதி, கட்டிய தேதி, நீக்கக் கோரும் தொகை, டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல், இதற்கு முன் ஒரு தவணையும் தவறவில்லை என்ற ஒரு வரி. ஒரு பக்கம் போதும். நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் நாள் 500 ரூபாய் நீங்கியது. மற்ற வங்கி 295 ரூபாயைத் தர மறுத்துவிட்டது.

அந்த 295 ரூபாய்க்காக ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் நான் போகவில்லை. சலுகை தருவது வங்கியின் வணிக முடிவு. அதை அவர் மாற்றமாட்டார். அபராதத்துக்கு வட்டி போட்டிருந்தாலோ, ஒப்பந்தத்தில் இல்லாத கட்டணம் வாங்கியிருந்தாலோ கதை வேறு. அப்போது அது கோரிக்கையல்ல, புகார்; 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால் அந்த முத்திரையிட்ட நகலோடு செலவின்றி அவரிடம் போகலாம்.