கவிதைக்குள்ள ஒருத்தரோட பேச்சு வந்தா, கடைசில ன்னு போடலாமா, வரிய உடைச்சு தனியா விடலாமா?

பஸ்ல காதுல விழுந்த பேச்சு, பூக்காரம்மா கண்டக்டர்கிட்ட கேட்டது. மேற்கோள் குறி இல்லாம கவிதைக்குள்ள கொண்டுவர ரெண்டு வழி.

முதல் வழி:

கூடைக்கு எதுக்குய்யா டிக்கெட்டு
அது என்ன சீட்லயா உக்காந்திருக்குன்னு
சிரித்தாள் பூக்காரி

ரெண்டாவது:

படிக்கட்டில் நெரிகிறது கூட்டம்
கூடைக்கு எதுக்குய்யா டிக்கெட்டு
அது என்ன சீட்லயா உக்காந்திருக்கு
பேருந்து நகர்கிறது

முதல்ல யார் பேசினாங்கன்னு குழப்பமே வராது, ஆனா உக்காந்திருக்குல அந்தம்மா குரல் ஏறி நிக்கணும், அந்த இடத்துல ன்னு வந்து ஒட்டிக்கிட்டதும் கேள்வி சப்புன்னு இறங்கிடுது, கூடவே சிரித்தாள்னு நாம வேற விளக்கம் சொல்றோம்.

ரெண்டாவதுல சுத்தி இருக்கற வரி எழுத்துத் தமிழ், அவங்க வரி பேச்சுத் தமிழ், இந்த வித்தியாசமே மேற்கோள் குறி வேலைய செஞ்சிடுது, எதுக்குய்யால இருக்கற ய்யா எதிர்ல ஒரு ஆம்பள நிக்கிறார்னும் காட்டிடுது. அதனாலதான் எதுக்குன்னு திருத்தவே கூடாது.

ஆனா கவிதை முழுக்க பேச்சுத் தமிழா இருந்தா இது கவுந்துடும், கேள்வி கவிஞரோடதா அந்தம்மாவோடதான்னு தெரியாது. வேற யாராவது ஒருத்தர சத்தமா படிக்கச் சொல்லுங்க, அந்த வரில அவங்க குரல் மாறலன்னா பிரிவு விழலன்னு அர்த்தம். அப்போ ன்னுவோட வேலைய செய்யற ஒரு சொல் போடலாம், ஆனா அத பேச்சு முடியற இடத்துல ஒட்டாம அடுத்த வரி தொடக்கத்துல என்றாள்னு தள்ளி வைங்க, கேள்வியோட ஏத்தம் தப்பிச்சிடும். நான் பெரும்பாலும் ரெண்டாவதுதான்.