சுருங்காத கதர் குர்தாவைத்தான் முதலில் சந்தேகப்படணும்

சென்னையில் தினமும் பஸ்ஸில் ஆபீஸ் போகிறவள் நான். ஏப்ரல் பிறந்தால் பருத்தி தவிர வேறு எதுவும் உடம்பில் நிற்காது. இந்த வருஷம் ஒரு கடையில் 'பியூர் காதி காட்டன்' என்று அட்டை தொங்கிய மூன்று குர்தாக்களை, ஒன்று 1,450 ரூபாய் என்று, மொத்தம் 4,350 ரூபாய் கொடுத்து வாங்கினேன். மூன்றிலும் ஏமாந்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். வெயிலுக்காகக் கதர் எடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

வாங்கும்போதே கேட்டேன், சுருங்குமா என்று. "அதெல்லாம் தண்ணியில போட்டுத்தான் தைச்சிருக்கோம் மேடம், அரை இன்ச் கூட குறையாது" என்றார் கடைக்காரர். புதுத் துணியை அளந்து வைப்பது அம்மாவிடமிருந்து வந்த பழக்கம். நீலக் குர்தா உயரம் 44 அங்குலம், மார்புச் சுற்று 40. பச்சைத் தண்ணீரில் கையால் அலசி நிழலில்தான் காயப்போட்டேன். காய்ந்ததும் உயரம் 41, மார்பு 39. அதாவது நீளவாக்கில் ஏறக்குறைய 7 சதவீதம் போய்விட்டது. முழங்காலைத் தொட்டது மேலே ஏறிவிட்டது. அதைவிடக் கஷ்டம் கைக்குழி. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கை தூக்கினால் அக்குளில் வெட்டுகிறது. கழுத்துப் பட்டையில் உள்ளே ஒட்டியிருந்த விறைப்புத் துணி சுருங்கவில்லை, மேல்துணி சுருங்கிவிட்டது. அதனால் பட்டை முழுக்கக் குமிழ் குமிழாக நின்றது.

எங்கள் தெரு டெய்லர் அண்ணனிடம் பிரித்துவிடச் சொல்லிக் கொண்டுபோனேன். குர்தாவை உள்பக்கம் திருப்பி, பக்கத் தையலை விரலால் நீவிக் காட்டினார். தையலுக்கு வெளியே கால் அங்குலம்தான் துணி, அதையும் ஓவர்லாக் போட்டு நறுக்கியிருந்தது. "இதுல பிரிக்க என்னம்மா இருக்கு? கதர் தைக்கிறவன் ரெண்டு பக்கமும் ஒரு இன்ச்சு விட்டிருக்கணும், கீழ ரெண்டு இன்ச்சு மடிச்சிருக்கணும்" என்றார்.

சுருங்கியது துணியின் குற்றம் இல்லை. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் இழுத்துக் கட்டப்பட்டு, கஞ்சி ஏறி, விறைப்பாகவே நெய்யப்படுகிறது. தண்ணீரில் நனைந்ததும் அந்த இழுப்பு விட்டு நூல் தன் இயல்புக்குத் திரும்புகிறது. குர்தாவின் உயரம் பாவு வாக்கில் வருவதால் உயரம்தான் அதிகம் குறையும், அகலம் கொஞ்சம்தான். மில் துணியில் பெரும்பாலானதை இயந்திரத்திலேயே முன்கூட்டிச் சுருக்கிவிடுகிறார்கள். கதருக்கு அது கிடையாது. ஆகவே நனைக்காமலே வெட்டி, உடம்போடு ஒட்டத் தைத்து, நனைத்தது என்று சொல்லி விற்றதுதான் ஏமாற்று.

இப்போது சாம்பல் நிறக் குர்தா. அது மூன்று முறை துவைத்தும் ஒரு நூல்கூடக் குறையவில்லை. இதுதான் நல்ல துணி என்று வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன். ஆனால் அதைப் போட்ட நாளெல்லாம் முதுகில் வேர்வை அப்படியே வழிந்தது, துணி குடிக்கவே இல்லை. சந்தேகம் வந்து, உள் ஓரத்திலிருந்து நாலைந்து இழை உருவி, இடுக்கியில் பிடித்து, ஒரு தட்டின் மேல் கொளுத்திப் பார்த்தேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பல் மிஞ்சும். இது சுருண்டு உருகி, நுனியில் கறுப்பாக ஒரு மணி நின்றது. ஆறினதும் நகத்தால் நசுக்கினேன், நசுங்கவில்லை. பாலியஸ்டர் கலந்தது. பாலியஸ்டர் ஈரத்தை ஏற்காது, தண்ணீரில் சுருங்கவும் சுருங்காது. நான் மெச்சிய குணமே அதன் குட்டைக் காட்டிக்கொடுத்தது. (பாலியஸ்டர் கலந்து நூற்ற பாலிவஸ்திரம் என்ற துணியைக் கதர் நிறுவனங்களே விற்கின்றன. அதைப் பெயர் சொல்லி விற்றால் தப்பில்லை.)

மூன்றாவது, கடுகு நிறம். அது பருத்திதான், ஆனால் சாய்கோடு தெரியும் ட்வில் நெசவு, கனமானது. குளிர்காலத்துக்கு ஆகும், மே மாதத்துக்கு ஆகாது. வெயிலுக்கு ஒன்று விட்டு ஒன்று ஏறி இறங்கும் சாதா நெசவுதான் சரி. வெளிச்சத்தில் பிடித்தால் இழைகளுக்கு நடுவே புள்ளி புள்ளியாக ஒளி தெரியணும், கைவிரல் உருவம் தெரியக்கூடாது. மல் துணி இன்னும் காற்றோட்டமானது, ஆனால் உள்ளே ஸ்லிப் போட வேண்டிவரும், போட்ட லாபம் போய்விடும்.

கதர் என்பது என்ன என்பதில் குழப்பமே இல்லை. 1956-ஆம் வருஷச் சட்டப்படி, இந்தியாவில் கையால் நூற்ற நூலை இந்தியாவில் கைத்தறியில் நெய்தால்தான் கதர். மில் நூலைக் கைத்தறியில் நெய்தால் அது கைத்தறித் துணி, நல்ல துணிதான், ஆனால் கதர் இல்லை. 2013-இல் வந்த விதிகளின்படி கதர் முத்திரை இல்லாமல் எதையும் கதர் என்று விற்கக்கூடாது. என் மூன்று குர்தாவிலும் அந்த முத்திரை இல்லை, நானும் அப்போது தேடவில்லை. கண்ணுக்கும் வித்தியாசம் தெரியும். கையால் நூற்றதில் தடிப்பும் மெலிவும் கண்டபடி வரும். கதர் மாதிரி தெரிவதற்காக மில்லில் போடும் முடிச்சுத் தடிப்பு பல துணிகளில் ஓர் ஒழுங்கோடு திரும்பத் திரும்ப வருகிறது. சாம்பல் குர்தாவை மேசையில் விரித்துப் பார்த்தபோது அதுதான் தெரிந்தது.

கடைக்குப் போய், தட்டையும் அந்தக் கறுப்பு மணியையும் காட்டினேன். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் அச்சடித்ததைக் காட்டினார்கள். 2019 நுகர்வோர் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் போடாதபோது, குறைபாடுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்றேன். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுகிறேன் என்றதும்தான் முதலாளி வந்தார். சாம்பல் குர்தாவுக்குக் காசு கிடைத்தது. நீலத்துக்கு "காட்டன்னா சுருங்கத்தான் செய்யும்" என்று கைவிரித்துவிட்டார். நனைத்துத் தைத்தது என்று அவர் ஆள் வாயால் சொன்னதற்கு என்னிடம் சாட்சி இல்லை.

இப்போது துணியாக எடுத்துத்தான் தைக்கிறேன். 36 அங்குல அகலக் கதரில் என் அளவுக்கு 3 மீட்டர். வெட்டுவதற்கு முன் நடுவில் 50 சென்டிமீட்டர் சதுரத்துக்கு வேறு நிற நூலால் நாலு மூலையிலும் தையல் போட்டு, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் காயவைத்து அளந்தேன். பாவு வாக்கில் 47, குறுக்கே ஓடும் ஊடை வாக்கில் 48.5. மறுபடி ஊறவைத்ததில் பாவு 46.5 ஆனது. அதனால் இரண்டு முறை நனைக்காமல் டெய்லரிடம் கொடுப்பதில்லை. மார்புச் சுற்றுக்கு உடம்பைவிட 5 அங்குலம் கூடுதல், அக்குளில் ஒரு சதுரத் துண்டு, கழுத்துப் பட்டைக்கு உள்ளே அதே துணியே. கை தூக்கினால் குர்தா கூடவே ஏறுவதில்லை.

போன வாரம் இன்னொரு கடையில் ஒரு வெள்ளைத் துணி பிடித்திருந்தது. பில்லில் 'கதர்' என்று எழுதித் தாருங்கள் என்றேன். "காட்டன்னுதான் போடுவோம் மேடம்" என்றார்கள். மடித்து அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.