காலபோக நெல்லின் கிரயம்: நகரும் சராசரியா, மாத முடிவுச் சராசரியா?

வன்னியில் காலபோக அறுவடை மாசி, பங்குனியில் முடிகிறது. வருமானவரிக் கணக்காண்டோ மார்ச் 31இல் முடிகிறது. நெல் வாங்கி விற்பவரின் களஞ்சியம் நிறைந்திருக்கும் நேரத்தில்தான் அவருடைய இறுதி இருப்பும் எண்ணப்படுகிறது. அதனால், வெவ்வேறு விலைக்கு வாங்கிய நெல்லுக்கு எந்தக் கிரயம் போடுகிறோம் என்பது அந்த ஆண்டின் இலாபத்தை நேரடியாக மாற்றுகிறது.

பரந்தன் பக்கம் ஒரு களஞ்சியம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே இன நாடு நெல். பெப்ரவரி 10இல் கிலோ 110 ரூபாய்க்கு 4,000 கிலோ, 20இல் 115 ரூபாய்க்கு 6,000 கிலோ வாங்கப்படுகிறது. மார்ச் 1இல் 7,000 கிலோ 121 ரூபாய்க்கு விற்கப்படுகிறது. வரத்துக் குறைந்து விலை ஏறியபின், மார்ச் 20இல் 125 ரூபாய்க்கு 5,000 கிலோ வாங்கி, 28இல் 4,000 கிலோவை 130 ரூபாய்க்கு விற்கிறார்கள். மொத்தக் கொள்வனவு 15,000 கிலோ, 17,55,000 ரூபாய். மீதி 4,000 கிலோ.

நகரும் சராசரியில் ஒவ்வொரு கொள்வனவுக்குப் பின்னும் கையிருப்பின் மொத்தப் பெறுமதியை மொத்தக் கிலோவால் வகுக்க வேண்டும். முதல் இரண்டும் சேர்ந்து 10,000 கிலோ, 11,30,000 ரூபாய், கிலோ 113. விற்ற 7,000 கிலோவின் கிரயம் 7,91,000. மிஞ்சிய 3,000 கிலோ, 3,39,000 ரூபாய். விற்பனை சராசரியை மாற்றாது, அடுத்த கொள்வனவுதான் மாற்றும். புதிய 6,25,000 சேர்ந்ததும் 8,000 கிலோவுக்கு 9,64,000 ரூபாய், கிலோ 120.50. இரண்டாவது விற்பனையின் கிரயம் 4,82,000.

முடிவுச் சராசரியில் ஒரே வகுத்தல்தான்: 17,55,000 ÷ 15,000 = 117. இங்கே பெப்ரவரி, மார்ச் இரண்டையும் ஒரே காலமாக எடுத்திருக்கிறோம். இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2 இந்த இரண்டு வழிகளையும், முதலில் வந்தது முதலில் போகும் முறையையும் ஏற்கிறது. கடைசியில் வந்தது முதலில் போகும் முறையை ஏற்பதில்லை.

| முறை | விற்பனைக் கிரயம் | இறுதி இருப்பு | மொத்த இலாபம் |
|---|---|---|---|
| நகரும் சராசரி | 12,73,000 | 4,82,000 | 94,000 |
| முடிவுச் சராசரி | 12,87,000 | 4,68,000 | 80,000 |
| முதலில் வந்தது முதலில் | 12,55,000 | 5,00,000 | 1,12,000 |

நெல் வியாபாரத்துக்கு நகரும் சராசரியே பொருந்தும் என்பது எங்கள் முடிவு. மார்ச் 1இல் விலை பேசும்போது கிலோவுக்கு 8 ரூபாய் மிஞ்சுகிறது என்பது அன்றைக்கே தெரிகிறது. முடிவுச் சராசரியோ, விற்றபின் வாங்கிய 125 ரூபாய் நெல்லின் பாரத்தை முன்னரே விற்ற நெல்லின் மேலும் ஏற்றி, அந்த 8ஐ 4 ஆக்கிவிடுகிறது. ஒவ்வொரு விற்பனையையும் எடைபோட்டுப் பதியாத சில்லறைக் கடைக்கு மட்டும் முடிவுச் சராசரி போதும். விலை ஏறும் பருவத்தில் மூன்றாவது முறை இலாபத்தைக் கூட்டிக் காட்டும். மூடைகள் வந்த வரிசைப்படி அடுக்கப்பட்டு அதே வரிசையில் ஏற்றப்பட்டால் அது நியாயமானது. எல்லாம் ஒரே குவியலாகக் கலந்துவிட்டால் சராசரிதான் உண்மைக்குக் கிட்ட.

அடிக்கடி நடக்கும் பிழை, மூன்று விலைகளையும் கூட்டி மூன்றால் வகுப்பது. அது 116.67 தரும். அதை வைத்து இருப்பையும் கிரயத்தையும் கணித்துக் கூட்டினால் 17,50,000தான் வரும். 5,000 ரூபாய் எங்கேயும் இல்லை. விற்பனைக் கிரயமும் இறுதி இருப்பும் சேர்ந்து மொத்தக் கொள்வனவுக்குச் சமமாகாவிட்டால் கணக்கில் பிழை என்று இப்படித்தான் பிடிக்கலாம். ஆரம்ப இருப்பு இருந்தால் அதையும் கொள்வனவோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சம்பாவையும் நாடு நெல்லையும் ஒரே சராசரியில் போடவேண்டாம். இனத்துக்கு ஒரு பக்கம்.

கூட்டுத்தொகை சரியாக வந்தும் ஏமாற்றுவது ஈரம். மார்ச் 20இல் வாங்கிய 5,000 கிலோ 18 வீத ஈரத்தோடு வந்ததென்றால், 14 வீதத்துக்குக் காயும்போது 5,000 × 82 ÷ 86, அதாவது 4,767 கிலோதான் நிற்கும். காசு குறையாது, கிலோதான் குறையும். அப்போது கையிருப்பு 7,767 கிலோ, சராசரி 120.50 அல்ல, 124.11. பழைய சராசரியிலேயே 4,000 கிலோவை விற்றதாகப் பதிந்தால் கிரயம் ஏறத்தாழ 14,500 ரூபாய் குறைவாக விழும். ஏட்டில் இருக்கும் 233 கிலோ களஞ்சியத்தில் இராது. ஆகவே காய்ந்தபின் மறுபடி நிறுத்து, அந்தக் கிலோவால் வகுக்க வேண்டும். லொறிக்கூலியும் ஏற்றுகூலியும் கொள்வனவுப் பெறுமதியில் சேரும். ஆனால் வெள்ளம் புகுந்து பழுதான நெல் வழமையான நட்டமல்ல. அதன் பெறுமதியைச் சராசரியில் கலக்காமல் அந்த ஆண்டின் செலவாகவே எழுத வேண்டும்.