வோஷரே இல்லாத பைப்புக்கு வோஷர் போட்டுக் காசு வாங்கினார்

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கிணற்றுத் தண்ணீரை மோட்டரால் தாங்கிக்கு ஏற்றிப் பாவிப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். வோஷ் பேசின் பைப் ஒன்று சொட்டியதற்காக நான் மொத்தம் 15,800 ரூபாய் கொடுத்திருக்கிறேன். அது 900 ரூபாயோடு முடிந்திருக்க வேண்டிய வேலை. ஆளின் பெயரைப் போட இந்தப் பதிவை எழுதவில்லை. அவர் எங்கே ஏமாற்றினார், நான் எதைப் பார்க்கத் தவறினேன் என்பது தெரிந்தால் உங்கள் வீட்டில் இது நடக்காது.

சித்திரை விடுமுறையில் மேல்தாங்கியை இறக்கிக் கழுவினோம். அடியில் இரண்டு விரல் தடிப்புக்கு மணல் இருந்தது. கழுவி இரண்டாம் நாள் பேசின் பைப் சொட்டத் தொடங்கியது. இரவில் ஒரு லீற்றர் போத்தலை வைத்துப் பார்த்தேன், ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் நிறைந்தது. அப்படியானால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு லீற்றர். தண்ணீரைவிட அந்தச் சத்தம்தான் அம்மாவை நித்திரை கொள்ள விடவில்லை.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஒரு பிளம்பர் வந்தார். பைப்பை ஒருதரம் திறந்து மூடினார். "அக்கா, வோஷர் போயிட்டுது. இப்ப மாத்தித் தாறன்" என்றார். கால் மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. கூலி 2,500, வோஷருக்கு 300. சொட்டுவதும் நின்றது. ஆனால் இரண்டு மாற்றங்களை அன்றே கவனித்தேன். கைபிடி முன்னைவிட இறுக்கமாகத் திரும்பியது, தண்ணீரும் மெலிந்து வந்தது. புது வோஷர் என்றால் அப்படித்தான் இருக்குமாக்கும் என்று விட்டுவிட்டேன். அங்கேதான் பிடித்திருக்க வேண்டும்.

பத்து நாளில் திரும்பவும் சொட்டியது. வந்தார், "தண்ணியில உப்புக் கூட, வோஷர் தாங்காது" என்றார், 2,000 வாங்கினார். அடுத்த முறை ஆறு நாள்தான். மூன்றாம் தரம் வந்தவர், பைப்பின் உடம்பே தேய்ந்துவிட்டது, முழுதாக மாற்றவேண்டும் என்று சொல்லி 8,500 ரூபாய்க்குப் புதிதாக ஒன்றைப் பூட்டி, கூலியாக இன்னொரு 2,500 எடுத்தார். போகும்போது பழைய பைப்பையும் தன் பையில் போடப் பார்த்தார். அம்மாதான் "அது கிடக்கட்டும் தம்பி, வைச்சிட்டுப் போங்கோ" என்றார். அம்மா எந்தச் சாமானையும் வீசுகிறவர் இல்லை. அந்தப் பழக்கம்தான் இந்த முறை எங்களுக்கு உதவியது.

அந்தப் பழைய பைப்பை டவுனில் ஒரு ஹாட்வெயார் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் வயதான மனிதர். கைபிடியைத் திருப்பிப் பார்த்தவுடனேயே கேட்டார்: "பிள்ளை, இது கால் சுத்துப் பைப் எல்லோ. இதுக்குள்ள வோஷர் ஆர் போட்டது?" மேலே இருந்த நீல மூடியைக் கிளப்பி, ஸ்குரூவைக் கழற்றி, கைபிடியை உருவி, ஸ்பனரைப் போட்டு உள்ளே இருந்த பித்தளைத் துண்டை எடுத்தார். கார்ட்ரிஜ் என்பது அதுதான். அதற்குக் கீழே, இருக்கவே கூடாத இடத்தில், சாதாரண அரை இஞ்சிப் பைப்புக்குப் போடும் கறுப்பு ரப்பர் வோஷர் ஒன்று நசுங்கிக் கிடந்தது. ஆணி போகிற அந்தச் சின்ன ஓட்டை வழியாகத்தான் எங்கள் வீட்டுத் தண்ணீர் இவ்வளவு நாளும் வந்திருக்கிறது. தண்ணீர் மெலிந்ததற்குக் காரணம் அதுதான்.

அவர் அங்கேயே எனக்கு விளங்கப்படுத்தினார். பழைய மாதிரிப் பைப்பில் ஒரு தண்டு இருக்கும். சுற்றச் சுற்ற அது கீழே இறங்கி, நுனியில் இருக்கும் ரப்பர் வோஷரைப் பித்தளை வாயில் வைத்து அமத்தும். கால் சுற்றுப் பைப்பில் அப்படி இறங்குகிற எதுவும் இல்லை. கார்ட்ரிஜுக்குள் இரண்டு பீங்கான் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று முகம் பொருந்தி இருக்கும். இரண்டிலும் ஓட்டை உண்டு. கைபிடியைத் திருப்பும்போது மேல்தட்டு சுழலும். ஓட்டைகள் நேராக வந்தால் தண்ணீர் வரும், விலகினால் அடைபடும். தட்டுகளின் முகம் கண்ணாடிபோல வழுவழுப்பாக இருப்பதால்தான் தண்ணீர் நிற்கிறது. அங்கே ஒரு மணல் அகப்பட்டுக் கீறினால், அந்தக் கீறல் வழியாகத் தண்ணீர் கசியும்.

எங்கள் கார்ட்ரிஜின் அடியில் இருந்த ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டுத் தட்டுகளை வெளியே எடுத்துக் காட்டினார். கீழ்த்தட்டில் ஓட்டையின் விளிம்பிலிருந்து ஒரு மயிர்க்கோடு வளைந்து ஓடியது. நகத்தால் தடவினால் தடக்குப்பட்டது. ஓட்டைக்குள் ஒரு மணல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வோஷர் செய்தது என்னவென்றால், கார்ட்ரிஜை அடியிலிருந்து நெம்பித் தட்டுகளை அளவுக்கு மேல் இறுக்கியது. அதனால்தான் பத்து நாள் சொட்டவில்லை, கைபிடியும் இறுகியது. இறுக்கிய தட்டை நாங்கள் தினமும் திருப்பத் திருப்ப, நடுவில் இருந்த மணல் இன்னும் ஆழமாகக் கீறியது. பிளம்பருக்கு வோஷரும் கார்ட்ரிஜும் பிரித்துத் தெரியாது என்று நான் நம்பவில்லை. கார்ட்ரிஜைக் கழற்றாமல் அந்த வோஷரை அங்கே வைக்க முடியாது. கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்கிறார்.

இனி உங்கள் வீட்டுப் பைப் எந்த வகை என்று பார்ப்பதற்கு வருகிறேன். கழற்றத் தேவையில்லை. மூடியிருக்கும் பைப்பை முழுதாகத் திறந்து பாருங்கள். கைபிடி இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் அது பெரும்பாலும் வோஷர் வகை. கால் சுற்று, சிலவற்றில் அரைச் சுற்று, அதோடு டக்கென்று முட்டி நின்றால் கார்ட்ரிஜ். மேலே தூக்கித் திறக்கிற ஒற்றைக் கைபிடிப் பைப்பும் பெரும்பாலும் கார்ட்ரிஜ்தான்.

அடுத்தது மூடும்போது கைக்குத் தெரிவது. வோஷர் வகையில் கடைசியில் ரப்பர் நசுங்குவது கைக்குப் படும். இன்னும் கொஞ்சம் இறுக்கினால் சொட்டு குறையும், சில நேரம் நிற்கும். அப்படிக் குறைந்தால் வோஷர் தேய்ந்துவிட்டது என்று துணிந்து சொல்லலாம். கார்ட்ரிஜில் கடைசி நிறுத்தம் கல்லில் முட்டினதுபோல இருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் சொட்டு மாறாது. அழுத்தவும் கூடாது, உள்ளே திருப்பத்தை நிறுத்துகிற சின்னப் பல் உடைந்துவிடும்.

சொட்டுகிற இடத்தையும் பாருங்கள். தண்ணீர் வாயிலிருந்து வராமல் கைபிடிக்குக் கீழே கசிந்து வழிந்தால் வோஷரும் குற்றவாளி இல்லை, பீங்கான் தட்டும் இல்லை. கார்ட்ரிஜ் வகையில் அது தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையமாக இருக்கும், வோஷர் வகையில் தண்டுக் கழுத்தில் அடைத்திருக்கும் நாரோ வளையமோ. வாய் உயர்ந்து வளைந்த பைப்பில் மூடியபின் கொஞ்ச நேரம் சொட்டி நிற்பது பழுதே இல்லை, வளைவுக்குள் மிஞ்சிய தண்ணீர்தான் வடிகிறது. ஐந்து பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

வோஷர் வகையில் ஒரு சிக்கல் இருக்கிறது. புது வோஷர் போட்டும் சில நாளில் சொட்டினால், வோஷர் போய் உட்காரும் பித்தளை வாய் அரிக்கப்பட்டிருக்கும். தண்டைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் தடவினால் சொரசொரப்புத் தெரியும். அதைத் தேய்த்துச் சமப்படுத்தாமல் எத்தனை வோஷர் போட்டாலும் வெட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே "வோஷர் தாங்காது" என்பது எல்லா வீட்டிலும் பொய் இல்லை. எங்கள் வீட்டில் பொய்.

கார்ட்ரிஜை நீங்களே மாற்றுவதாக இருந்தால், தாங்கி வால்வை மூடிப் பைப்பைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடிய விடுங்கள். பேசின் ஓட்டையைத் துணியால் அடையுங்கள், அந்தச் சின்ன ஸ்குரூ விழுந்தால் தேட முடியாது. பழைய கார்ட்ரிஜைக் கையோடு கடைக்குக் கொண்டுபோக வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் கைபிடி பிடிக்கும் பல்லின் எண்ணிக்கை மாறும், உயரமும் மாறும். திறக்கும் பக்கத்தையும் கவனியுங்கள். சுடுதண்ணிப் பைப்பும் பச்சைத்தண்ணிப் பைப்பும் சோடியாக இருந்தால் ஒன்று இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் திறப்பது உண்டு. மாறிப் போட்டால் கைபிடி சுவரில் போய் இடிக்கும்.

பூட்டுவதற்கு முன் செய்யவேண்டிய ஒரு வேலையைத்தான் எங்கள் பிளம்பர் மூன்று தரமும் செய்யவில்லை. கார்ட்ரிஜ் இல்லாத வெறும் பைப்பின் மேல் துணியைப் போட்டு, வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, மூன்று நான்கு விநாடி தண்ணீரை ஓட விட்டு மூடவேண்டும். குழாய்க்குள் நிற்கும் மணல் அதில் வந்துவிடும். நான் செய்தபோது துணியில் ஒரு சிட்டிகை மணல் நின்றது. அது உள்ளே இருந்திருந்தால் புது கார்ட்ரிஜும் அடுத்த வாரமே கீறுப்பட்டிருக்கும். தாங்கி கழுவிய கையோடும் எல்லாப் பைப்பையும் திறக்காமல், கீழே தோட்டத்துப் பைப்பை முதலில் நன்றாக ஓட விடுங்கள்.

கழற்றியதைச் சுத்தமாக்கிப் பாவிக்கலாமா என்று கேட்பீர்கள். தட்டில் கீறல் இல்லாமல் மணல் மட்டும் இருந்தால் கழுவிப் போடலாம். வெள்ளைப் படிவு இருந்தால் வினாகிரியில் கொஞ்ச நேரம் ஊறவைத்துத் துணியால் துடையுங்கள், ஊசியால் சுரண்டவேண்டாம். நகத்துக்குத் தடக்குப்பட்டால் மினக்கெடாமல் புதிது வாங்குங்கள்.

பிளம்பருக்கு அந்த நசுங்கிய வோஷரைப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று இரண்டு நீலக் கோடு வந்தது, பதில் வரவில்லை. நான்கு தரம் எடுத்தபின் போனைத் தூக்கி, "அக்கா, அது தற்காலிகமாப் போட்டது" என்றார். தற்காலிகம் என்று அன்றைக்கு ஏன் சொல்லவில்லை, பழைய பைப்பை ஏன் எடுத்துப் போகப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது.

பழைய பைப்புக்கு 900 ரூபாய்க்குப் புது கார்ட்ரிஜ் போட்டுப் பின்பக்கக் குளியலறையில் பூட்டியிருக்கிறேன். ஏழு வாரம் ஆகிறது. கைபிடி ஒரு விரலுக்குத் திரும்புகிறது, ஒரு சொட்டும் இல்லை.