சாலிட் ஷாஃப்டா, ஹாலோ ஷாஃப்டா: 20 கிலோவாட்டுக்கு ஒரு கணக்கு

பெங்களூரு பீன்யாவில் எங்கள் பட்டறைக்குப் புதிதாக வந்த கிருஷ்ணகிரித் தம்பி, போன வாரம் லேத்தில் ஏற்றியிருந்த 55 மி.மீ. ராடைக் காட்டி ஒரு கேள்வி கேட்டான். "அண்ணே, நடுவுல இருக்கிற இரும்பு என்ன வேலை செய்யுது?" டிப்ளமோவில் ஃபார்முலாவை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவன்தான். ஆனாலும் இது நல்ல கேள்வி. முழு இரும்பாலான சாலிடா, நடுவில் வெறுமையான ஹாலோவா என்ற வழக்குக்கு மூலமே அதுதான்.

ராடின் குறுக்கு வெட்டைப் பல வளையங்களாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை முறுக்கினால், வெட்டு முழுவதும் ஒரே கோணத்தில் திரும்புகிறது. கோணம் ஒன்றாக இருந்தாலும் நகரும் தூரம் ஒன்றல்ல. மையத்திலிருந்து 20 மி.மீ. தள்ளி இருக்கும் துகள், 10 மி.மீ.யில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு தூரம் நகரும். அதனால் அங்கே இரும்பை வழுக்க வைக்கப் பார்க்கும் ஷியர் ஸ்ட்ரெஸும் இரண்டு மடங்கு. மையத்தில் பூஜ்யம், வெளித்தோலில் உச்சம், இடையில் நேர்கோடு.

இதோடு இன்னும் இரண்டு சேருகிறது. வெளி வளையத்தின் சுற்றளவும் இரட்டிப்பு, மையத்திலிருந்து நெம்பும் கையின் நீளமும் இரட்டிப்பு. ஆக, ஒரே தடிமன் கொண்ட இரண்டு மெல்லிய வளையங்களில், இரண்டு மடங்கு ஆரத்தில் இருப்பது எட்டு மடங்கு முறுக்கைச் சுமக்கிறது. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால், ராடின் பாதி விட்டத்துக்குள் இருக்கும் இரும்பு எடையில் நான்கில் ஒரு பங்கு. முறுக்கில் அது சுமப்பதோ பதினாறில் ஒரு பங்குதான். தம்பிக்கு இதுதான் பதில். நடு இரும்பு சும்மா இல்லை, ஆனால் வாங்கும் கூலிக்கு மிகக் குறைவாக வேலை செய்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு கியர்பாக்ஸுக்கும் கன்வேயருக்கும் நடுவே 2 மீட்டர் நீள ஷாஃப்ட். இரண்டு முனையிலும் கப்ளிங், அதைப் பூட்டும் கீ உட்கார ஷாஃப்டில் வெட்டிய பள்ளமாகக் கீவே. வந்து சேரும் சக்தி 20 கிலோவாட், வேகம் நிமிடத்துக்கு 150 சுற்று. மைல்ட் ஸ்டீல், அனுமதிக்கும் ஷியர் ஸ்ட்ரெஸ் 40 மெகாபாஸ்கல். இரும்பு முறுக்கத்தை எதிர்க்கும் விறைப்பைச் சொல்லும் G மதிப்பு 80,000 மெகாபாஸ்கல். ஷாஃப்ட் வெறும் முறுக்கை மட்டும் சுமக்கிறது, பெல்ட் இழுப்பு ஏதும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் T முறுக்கு, P சக்தி, N வேகம், d விட்டம், τ ஷியர் ஸ்ட்ரெஸ், L நீளம், θ முறுக்கக் கோணம். J என்பது முறுக்கை எதிர்ப்பதில் குறுக்கு வெட்டின் வடிவத்துக்கு உள்ள பங்கு.

```
T = 60P / (2πN) = 60 × 20000 / (2π × 150) = 1273 N·m
d³ = 16T / (πτ) = 16 × 1273000 / (π × 40)
d = 54.5 mm  →  55 mm
J = πd⁴/32 = 898000 mm⁴
θ = TL/(GJ) = 0.0354 rad = 2.03°
```

55 மி.மீ. சாலிடில் வெளித்தோலில் 39 மெகாபாஸ்கல் வருகிறது. 2 மீட்டருக்கு எடை 37.3 கிலோ. முனைக்கு முனை இரண்டு டிகிரி முறுக்கம், அதாவது மீட்டருக்கு ஒரு டிகிரி. கன்வேயருக்கு இது தாராளமாகப் போதும்.

இப்போது ஹாலோ. பலரும் முதலில் நினைப்பது, இதே 55 மி.மீ. ராடில் நடுவே துளை போடுவது. 27.5 மி.மீ. துளை போட்டால் எடை கால்வாசி குறையும், ஸ்ட்ரெஸ் 39-இலிருந்து 41.6 ஆகும். நம் வரம்பு 40, அதனால் இது தேறாது. முறுக்கமும் 2.17 டிகிரியாகக் கூடுகிறது. இருக்கும் ராடைக் குடைந்தால் வலிமை கொஞ்சமாவது குறையத்தான் செய்யும். ஹாலோவின் ஆதாயம் குடைவதில் இல்லை. நடுவிலிருந்து எடுத்த இரும்பில் ஒரு பகுதியை வெளியே கொண்டு போய் வைப்பதில்தான் இருக்கிறது.

வெளிவிட்டத்தை வெறும் 5 மி.மீ. கூட்டி 60 ஆக்குங்கள். உள்விட்டம் 42, சுவர் 9 மி.மீ.

```
J = π(60⁴ − 42⁴)/32 = 967000 mm⁴
τ (வெளி) = T × 30 / J = 39.5 MPa
τ (உள்)  = T × 21 / J = 27.7 MPa
θ = TL/(GJ) = 0.0329 rad = 1.89°
```

உள்சுவரிலேயே 27.7 மெகாபாஸ்கல் இருப்பதைக் கவனியுங்கள். சாலிடில் மையத்தை ஒட்டிய இரும்பு ஒன்றும் இரண்டுமாகச் சுமந்துகொண்டிருந்தது. இங்கே எந்த இடத்து இரும்பும் உச்சத்தில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் உழைக்கிறது. எடை 22.6 கிலோ. அதே வலிமை, சற்றுக் குறைந்த முறுக்கம், எடையில் 39 சதவீத மிச்சம்.

அப்படியானால் இன்னும் பெரிதாக, இன்னும் மெல்லியதாகப் போகலாமே என்று தோன்றும். தம்பி உடனே கேட்டான். 90 மி.மீ. வெளிவிட்டம், 3 மி.மீ. சுவர் என்று போட்டுப் பார்த்தோம். ஸ்ட்ரெஸ் 36.9, முறுக்கம் 1.17 டிகிரி, எடை 12.9 கிலோ. சாலிடின் மூன்றில் ஒரு பங்கு! லாரிகளின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் பெரிய விட்டத்தில் மெல்லிய குழாயாக இருப்பது இதனால்தான். எங்கள் வேலைக்கு அதை நான் எடுக்கவில்லை. கன்வேயரிலிருந்து விழும் கல் ஒன்று 3 மி.மீ. சுவரில் சொட்டை விழ வைத்தால் போதும், அந்த இடம் வட்டமாக இருக்காது, முறுக்கில் அங்கிருந்தே சுவர் மடியத் தொடங்கும். நம் ஃபார்முலாவுக்குச் சுவர் மடிவது தெரியாது. வட்டம் வட்டமாகவே இருக்கும் என்று நம்பித்தான் அது கணக்குப் போடுகிறது.

மெல்லிய குழாயில் இன்னொரு ஆபத்து நீளவாட்டு வெல்டு. இதை வீட்டிலேயே பார்க்கலாம். பழைய செய்தித்தாளில் ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, ஒட்டாமல் இரண்டு கையாலும் முறுக்குங்கள். விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று நீளவாக்கில் வழுக்கி, குழல் எதிர்ப்பே இல்லாமல் திரும்பும். விளிம்பை முழு நீளத்துக்கும் பசை போட்டு ஒட்டிக் காய வைத்து மறுபடி முறுக்கினால் கை நன்றாகவே உணரும். குறுக்கு வெட்டில் ஷியர் ஸ்ட்ரெஸ் எவ்வளவோ, அதே அளவு நீளவாக்கிலும் உண்டு என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியாது. நம் 90 மி.மீ. குழாயில் வெல்டு முழு நீளத்துக்கும் விட்டுப்போனால், முறுக்கை எதிர்க்கும் விறைப்பு சுமார் 630-இல் ஒரு பங்காகச் சரிந்துவிடும். ஆகவே ஷாஃப்டுக்குச் சீம்லெஸ் குழாய்தான் கேட்டு வாங்குவேன்.

ஆக, ஏட்டுக் கணக்கில் 60/42 ஜெயித்துவிட்டது. பட்டறையில் அது தோற்கும் இடம் கீவே. 55 மி.மீ. ஷாஃப்டுக்கு 16 × 10 கீ, ஷாஃப்டில் வெட்டும் ஆழம் 6 மி.மீ. 60 மி.மீ. ஷாஃப்டுக்கு 18 × 11 கீ, ஆழம் 7 மி.மீ. சாலிடில் 6 மி.மீ. வெட்டினாலும் கீழே இரும்பு நிறைய இருக்கிறது. 9 மி.மீ. சுவரில் 7 மி.மீ. வெட்டினால் மிச்சம் 2 மி.மீ. அதுவும் முறுக்கு முழுவதும் கப்ளிங்கிலிருந்து ஷாஃப்டுக்குள் நுழைகிற இடத்தில்!

இப்படி வெட்டிய ஷாஃப்ட் ஒன்று ரிப்பேருக்கு எங்களிடம் வந்திருக்கிறது. ஓட்டியவர் சொன்னது, கப்ளிங் பக்கம் சில நாளாக லேசான டக் டக் சத்தம் கேட்டது என்று. கப்ளிங்கைக் கழற்றியபோது கீயின் இரு பக்கமும் செங்காவி நிறத்தில் பொடி. கீ அசைந்து அசைந்து உரசியிருக்கிறது என்பதற்கு அந்தப் பொடிதான் அடையாளம். ஷாஃப்டைத் துடைத்து, சிவப்புச் சாயம் தடவி, கழுவி, வெள்ளை டெவலப்பர் அடித்தோம். கீவேயின் அடிமூலையில் மயிரிழை மாதிரி ஒரு சிவப்புக் கோடு ஊறி வந்தது. மூலையில் கிளம்பி, ஷாஃப்டின் நீளத்துக்கு ஏறக்குறைய 45 டிகிரி சாய்ந்து, திருகாணிப் புரி போலச் சுற்றிக்கொண்டு போனது. முறுக்கில் இழுவை உச்சமாக இருப்பது அந்தச் சாய்வுக்குக் குறுக்கேதான். அதனால் மீண்டும் மீண்டும் வரும் சுமையில் வளரும் விரிசல் அந்த வழியைப் பிடிப்பது வழக்கம். ஒரு சாக்பீஸை முறுக்கி உடைத்தாலும் அதே சாய்வில்தான் உடையும்.

இதற்குத் தீர்வு உண்டு. குழாயின் இரு முனையிலும் சாலிட் துண்டைக் கடைந்து, அதில் ஒரு பகுதியைக் குழாய்க்குள் இறுகப் பொருந்தும்படி நுழைத்து, சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கும் வெல்டு வைத்து, கீவேயை அந்தச் சாலிட் துண்டில் வெட்ட வேண்டும். மேலோட்டமாக ஓட்டிய 6 மி.மீ. ஃபில்லெட் வெல்டு போதாது. அதன் கழுத்துத் தடிமன் 4.2 மி.மீ.தான், அந்த வளையத்தில் ஸ்ட்ரெஸ் கிட்டத்தட்ட 54 மெகாபாஸ்கல் வருகிறது. குழாயை 40-க்குள் அடக்கிவிட்டு வெல்டில் 54-ஐ விட்டால், நாம் போட்ட கணக்கு எதற்கு? வெல்டுக்குப் பிறகு லேத்தில் ஏற்றி நேராக ஓடுகிறதா என்று பார்த்துக் கடைசிக் கடைசலை முடிப்பதும் கட்டாயம்.

இந்த வேலையெல்லாம் சேரும்போதுதான் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று தெரிகிறது. ஷாஃப்ட் அரை மீட்டர்தான் என்றால் மிச்சம் 4 கிலோவுக்குக் கீழே. அதற்காக இரண்டு முனை கடைந்து, வெல்டு வைத்து, சோதித்து நேரத்தைப் போக்க மாட்டேன். 55 சாலிட் ராடை வாங்கி நேராகக் கீவே வெட்டிவிடுவேன். 2 மீட்டரில் மிச்சம் 15 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, முனைத் துண்டுகள் அதில் சிறிது தின்றுவிடும். 37 கிலோ ராடை மேடை மேலே ஏற்றிப் பொருத்த இரண்டு பேர் வேண்டும், ஹாலோவை ஒருவரே தூக்கி வைத்துவிடலாம் என்பதால் நான் ஹாலோ பக்கம். சாலிட் ராடையே வாங்கி 2 மீட்டருக்கு 42 மி.மீ. துளை குடைவது மட்டும் வேண்டாம். விட்டத்தைப் போல ஏறக்குறைய 48 மடங்கு ஆழம். சாதாரண லேத்தில் டிரில் வழிவிலகிச் சுவர் ஒரு பக்கம் மெலிந்துவிடும்.

தம்பி அன்று மாலை வரைந்து கொண்டு வந்த படத்தில் குழாய், முனைத் துண்டு, வெல்டு எல்லாம் சரியாக இருந்தன. கீவேயை மட்டும் வெல்டைத் தாண்டிக் குழாய்க்குள் 10 மி.மீ. நீட்டியிருந்தான். பென்சிலால் அந்த 10 மி.மீ.யை அடித்துவிட்டு, வெல்டுக்கும் கீவேயின் முடிவுக்கும் நடுவே 20 மி.மீ. இடைவெளி விடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.