46,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்: சொந்தமாகப் புத்தகம் போடுபவர்கள் ஸ்பைன் அகலத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்

நேற்று மாலை 300 பிரதிகள் வீட்டுக்கு வந்தன. முதல் கட்டைப் பிரித்ததிலிருந்து எனக்கு உறக்கம் இல்லை. பாலாற்றங்கரை ஊர்களைப் பற்றி என் தந்தையார் எழுதிவைத்திருந்த குறிப்புகளை ஓராண்டாகத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, வேலூரில் பக்க வடிவமைப்பையும் அச்சையும் ஒருசேர முடித்துத் தரும் ஒரு கடையிடம் ஒப்படைத்தேன். வடிவமைப்புக்கு 8,000, அச்சுக்கும் பைண்டிங்குக்கும் 38,000, ஆக 46,000 ரூபாய். முழுவதையும் முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்கள்.

புத்தகத்தின் முதுகான ஸ்பைனின் அகலத்தை எப்படிக் கணக்கிடுவீர்கள் என்று நான் கேட்காமல் இல்லை. கடைக்காரர் புன்னகையோடு, "சார், அது எங்க வேலை. நீங்க எழுத்துப் பிழைய மட்டும் பாருங்க" என்றார். மேசையிலிருந்த ஓர் அழகான புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். அதைப் புரட்டிப் பார்த்த அந்த ஒரு நிமிடத்தில்தான் நம்பிவிட்டேன். அட்டை வடிவம் முடிந்து பத்து நாள் கழித்து, "70 ஜிஎஸ்எம் மேப்லித்தோவுக்குப் பதிலா நேச்சுரல் ஷேட் தாள் போட்டுத் தர்றேன், அதே விலைதான்" என்றார். நல்ல மனிதர் என்று எண்ணி நன்றியும் சொன்னேன். தாள் மாறினால் தடிமனும் மாறும், அட்டைக் கோப்பையும் மாற்ற வேண்டும் என்பதை அவரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

புத்தகம் 288 பக்கம், அதாவது 144 தாள். முதலில் பேசிய தாள் ஒன்றுக்கு 0.09 மில்லிமீட்டர் என்று வைத்து 13 மில்லிமீட்டர் ஸ்பைன் போட்டிருக்கிறார்கள். வந்திருக்கும் தாளோ உப்பலானது. ஒரு பிரதியின் அட்டையைப் பிரித்துவிட்டு, 144 தாள்களையும் அழுத்திப் பிடித்து அளந்தேன். 17 மில்லிமீட்டருக்குச் சற்று மேலேயே இருக்கிறது, தாளுக்கு 0.12. அந்த 4 மில்லிமீட்டர் எங்கே போனது என்றால், பைண்டிங்கில் அட்டையை முன்பக்க மடிப்புக்குப் பொருத்திவிட்டதால், பின்னட்டையின் வெளிர்நிறம் அவ்வளவும் ஸ்பைன் மீது ஏறி நிற்கிறது. கருஞ்சிவப்புப் பட்டையும் நூலின் பெயரும் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டன. வெட்டுக்காக விட்டிருந்த 3 மில்லிமீட்டர் ப்ளீடும் போதாமல், பின்னட்டை ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெள்ளைக்கோடு.

உள்பக்கங்களைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. பக்க அளவு 140க்கு 215 மில்லிமீட்டர், அது சரியாகவே இருக்கிறது. ஆனால் எல்லாப் பக்கங்களிலும் இடது ஓரம் 20, வலது ஓரம் 12 என்று ஒரே மாதிரி வைத்திருக்கிறார்கள். வலப்பக்கத்தில் வரும் ஒற்றைப்படைப் பக்கங்களுக்கு இது பொருந்தும். இடப்பக்கத்தில் வரும் இரட்டைப்படைப் பக்கங்களில் பைண்டிங் ஓரமே 12 ஆகிவிடுகிறது. பர்ஃபெக்ட் பைண்டிங்கில் பசை பிடிப்பதற்காக முதுகுப்பக்கம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் சீவுவார்கள், மிஞ்சுவது 9. அந்தக் கட்டு தட்டையாக விரியவும் விரியாது. ஆகவே 144 பக்கங்களில் வரிதோறும் கடைசிச் சொல் மடிப்புக்குள் புதைந்து கிடக்கிறது. கட்டைவிரலால் அழுத்திப் படிக்க முயன்றேன், 96ஆம் பக்கத்துத் தாள் கையோடு வந்துவிட்டது.

இன்று காலை கடைக்குப் போனேன். வடிவமைத்தவர், "ஃபைல் சரியாத்தான் இருக்கு, பைண்டர் பண்ண தப்பு" என்கிறார். பைண்டரிடம் போனால், "வந்த அட்டைய ஒட்டினேன், என்னைக் கேட்டா?" என்கிறார். மீண்டும் கடைக்கு வந்தபோது, நான் வாட்ஸ்அப்பில் 'ஓகே' என்று அனுப்பியதைத் திறந்து காட்டினார்கள். நான் 'ஓகே' சொன்னது எழுத்துப் பிழைக்கு, அதுவும் தாளை மாற்றுவதற்கு முன்பு. அதன் பிறகு நான்கு முறை அழைத்தும் எடுக்கவில்லை. 46,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது போலிருக்கிறது.

எப்படிச் சரிபார்ப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இவற்றை மட்டுமாவது செய்யுங்கள். அச்சுக்குப் போகும் அதே தாளில், அதே பக்க எண்ணிக்கையில், அச்சிடாத வெற்று டம்மி ஒன்றைக் கட்டித் தரச் சொல்லி அதன் முதுகை அளந்துகொள்ளுங்கள். அதன் பிறகே அட்டையைச் செய்யச் சொல்லுங்கள். அட்டைக் கோப்பின் மொத்த அகலம், பக்க அகலம் இரண்டு, ஸ்பைன், இருபுறமும் ப்ளீட் ஆகியவற்றின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். என் புத்தகத்துக்கு 140 + 140 + 17 + 6, ஆக 303 வந்திருக்க வேண்டும். அவர்கள் கொடுத்த கோப்பில் 299 இருக்கிறது. உள்பக்கப் பிடிஎஃப்பை இரண்டிரண்டு பக்கமாக, முதல் பக்கம் தனியே நிற்கும்படி திறந்து, அகலமான ஓரங்கள் இரண்டும் நடுவில் சேர்கின்றனவா என்று பாருங்கள். வேர்டில் செய்தால் Mirror margins, இன்டிசைனில் செய்தால் Facing Pages. தாளை மாற்றுகிறேன் என்று யாராவது சொன்னால், விலை குறைந்தாலும் கூடினாலும், அட்டையைத் திருத்தாமல் சம்மதிக்காதீர்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள், நான் 46,000 ரூபாயையும் கொடுத்துவிட்டு நிற்கிறேன்.